காவலாளிக்குப் புள்ளி போட முன்

"யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். இரண்டு செக்கியூரிற்றி, ஒரு அலுவலக உதவியாளர். வருடக் கடைசியில் அவர்களுக்குச் செயலாற்றுகை மதிப்பீடு செய்யச் சொல்லி ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். நேரந்தவறாமை, விழிப்பு, பண்பான நடத்தை என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. எதைப் பார்த்து அந்தப் புள்ளியைப் போடுவது?"

படிவத்தை இப்போதைக்கு மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுங்கள். புள்ளி போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் ஒரு மூன்று மாதம் எண்ண வேண்டிய சில விடயங்கள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காக எண்ணி வைத்திருந்தால், புள்ளி போடும் நாளில் பேனாவைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டி வராது.

விழிப்பு என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் காணக்கூடியது, பத்தேகால் மணிக்கு உள்ளே வந்த மோட்டார் சைக்கிளின் இலக்கம் பதிவேட்டில் இருக்கிறதா என்பதைத்தான். பண்பையும் அப்படியே. கேற்றடியில் வந்து நின்ற ஒரு அம்மாவிடம் அவர் எத்தனை நேரம் கழித்து வாய் திறந்தார், என்ன சொல்லி அழைத்தார், இருக்கக் கதிரை காட்டினாரா என்பவற்றைத்தான் பார்க்கலாம். ஆகவே படிவத்திலுள்ள ஒவ்வொரு சொல்லையும் "செய்தாரா, செய்யவில்லையா" என்று பக்கத்தில் நிற்கும் இன்னொருவரும் அதே பதிலைச் சொல்லக்கூடிய சின்னச் சின்னச் செயல்களாக உடைக்க வேண்டும். பிறகு, செய்வதற்குச் சந்தர்ப்பம் எத்தனை தரம் வந்தது, எத்தனை தரம் செய்தார் என்று இரண்டு எண்களை எழுத வேண்டும். முறை அவ்வளவுதான். ஆனால் எந்தச் செயலைத் தெரிவது, எண்ணை எப்படி வாசிப்பது என்பதில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். நானும் விட்டேன். அந்தக் கதையை வைத்தே சொல்கிறேன்.

பல வருடம் யாழ் நகரில் நிர்வாக வேலையில் இருந்தேன். ஒரு இடத்தில் இரண்டு காவலாளிகள் இருந்தார்கள். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கைமாற்றம். ஒரு கிழமை பகல், அடுத்த கிழமை இரவு என்று மாறி மாறி நிற்பார்கள். மூத்தவருக்கு அறுபதை அண்டிய வயது. எல்லோருக்கும் அவர் "அண்ணை". காலையில் மனேஜரின் கார் திரும்பும்போதே கேற்றைத் திறந்து, விறைப்பாகச் சலூட் அடித்து, கதவையும் திறந்துவிடுவார். இளையவர் அச்சுவேலிப் பக்கத்துப் பொடியன். முகத்தில் சிரிப்பு வராது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கொஞ்சம் பிந்தி வரும் பழக்கமும் இருந்தது. வருட முடிவில் அண்ணைக்கு நான் 5, 5, 5 போட்டேன். இளையவருக்கு 3, 2, 2. போடும்போது எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

பிறகுதான் யோசித்தேன், இந்த மூன்று எண்களும் ஏன் இப்படி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று. நேரத்துக்கு வருபவர் எல்லோரும் விழிப்பானவர்கள் ஆகிவிடுவதில்லை. இது என் ஒருவனின் குறை மட்டும் இல்லை. எட்வேர்ட் தோர்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், இராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட புள்ளிகளை ஆராய்ந்து 1920 இல் ஒரு கட்டுரை எழுதினார். உடற்கட்டு, புத்தி, தலைமைத்துவம், குணம் என்று தனித்தனியாகப் போடச் சொல்லியும், அந்தப் புள்ளிகள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று பொருந்திப்போயிருந்தன. ஒருவரைப் பற்றி மனத்தில் விழுந்த ஒரு நல்ல எண்ணம் மற்ற எல்லாக் கட்டங்களுக்குள்ளும் வழிந்துவிடுகிறது. அண்ணையின் சலூட் என் படிவத்தின் மூன்று கட்டங்களையும் நிரப்பியிருந்தது.

அதனால் அடுத்த தவணைக்கு, அவர்கள் இருவரையும் கூப்பிட்டு, என்னென்ன பார்க்கப்போகிறேன் என்று முதலே சொல்லிவிட்டு, 13 கிழமை எண்ணினேன். முதலே சொல்வது முக்கியம். ஒளித்திருந்து பிடிப்பதற்கு இது பொலிஸ் வேலை இல்லை. எதைச் செய்தால் நல்லது என்று தெரிந்தவர் அதைச் செய்யத் தொடங்குவாரே என்று சிலர் தயங்குவார்கள். தொடங்கட்டும், எங்களுக்கு வேண்டியது அதுதானே.

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மூன்றிலும் அது இலகுவானது. வரவு இடாப்பில் போட்ட கையெழுத்து நேரத்தைப் பார்க்காதீர்கள். காவலாளிக்கு நேரம் என்பது, யூனிபோம் போட்டு, திறப்புக் கோர்வையையும் பதிவேட்டையும் வாங்கி, முந்தியவர் சொன்னதைக் கேட்டு, கேற்றில் நிற்கும் நேரம். 6 மணிக்குக் கையெழுத்து வைத்துவிட்டு 6.20 வரை பின்பக்கத்தில் சவரம் செய்பவர் நேரத்துக்கு வந்தவர் இல்லை. அந்த இருபது நிமிடமும் மற்றவரின் தோளில்தான் விழுகிறது. ஐந்து நிமிடம் வரை விட்டுக்கொடுங்கள். அதற்கு மேல் போனால் பிந்திய நாள் என்று ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் எத்தனை நிமிடம், முன்னறிவித்தாரா, என்ன கிழமை என்று மூன்று குறிப்பு. நிமிடங்களை மட்டும் கூட்டி வைத்தால் ஏமாந்துபோவீர்கள். மாரி வெள்ளத்தில் ஒரு நாள் ஒரு மணித்தியாலம் பிந்தியவரும், பத்து நாள் ஆறு ஆறு நிமிடம் பிந்தியவரும் கூட்டினால் ஒன்றாகத்தான் தெரிவார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்.

எங்கள் கணக்கில் அண்ணை 74 தடவை கடமைக்கு வந்ததில் 3 நாள் பிந்தினார். இளையவர் 72 இல் 8 நாள். இதை வைத்துப் பார்த்தால் என் பழைய புள்ளி சரிதான் போலத் தோன்றும். ஆனால் கிழமையைப் பார்த்தபோது, அந்த எட்டில் ஆறு திங்கட்கிழமை. அதுவும் பகல் கடமை தொடங்கும் திங்கட்கிழமை. அந்தப் 13 கிழமையில் அப்படியான திங்கள் மொத்தமே ஏழுதான் வந்தது. ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள். வீட்டில் நிற்பார். திங்கள் விடியற்காலை அவர் பிடிக்கக்கூடிய முதல் பஸ் அவரை 6.20 க்குத்தான் ரவுணில் இறக்கும். மற்ற நாட்களில் ரவுணுக்குக் கிட்ட ஒரு அறையில் தங்குவதால் பிந்துவதில்லை. இரண்டு வருடமாக இது நடந்திருக்கிறது. ஒருவரும் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தத் திங்களில் மட்டும் கைமாற்றத்தைக் காலையும் மாலையும் 6.30 க்கு மாற்றினோம். இரவு நின்றவர் காலையில் அரை மணித்தியாலம் கூட நிற்பார். மாலையில் அரை மணித்தியாலம் பிந்தி வருவார். அண்ணை ஒத்துக்கொண்டார். பிந்துவது நின்றுவிட்டது. படிவத்தில் 3 என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் அது இன்றைக்கும் 3 ஆகவே இருந்திருக்கும்.

இனி விழிப்பு. இதில்தான் கூட நேரம் செலவழிக்க வேண்டும்.

பெரும்பாலானோர் விழிப்பு என்றால் நித்திரை கொள்ளாமல் இருப்பது என்று நினைக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குக் காரில் வந்து, காவலாளி கண்ணை மூடிக்கொண்டிருந்தாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். கண் திறந்திருப்பதும் கவனம் இருப்பதும் வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் நேரம் போகப் போகத் தவறவிட்டார்கள். அது ஏன் என்று நோர்மன் மக்வேர்த் என்பவர் ஆராய்ந்தார். ஒரு வெறும் முகப்பில் ஒரு முள் சீராகத் துள்ளிக்கொண்டு போகும். எப்போதாவது ஒரு தரம் மட்டும் இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணித்தியாலம் இதைச் செய்யச் சொன்னார். நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களே முதல் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு கண்ணுக்கு முன்னால் நடந்ததைத் தவறவிடத் தொடங்கினார்கள். 1948 இல் அவர் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. அரை மணித்தியாலத்தில் நடக்கும் இந்தச் சரிவை வைத்துக்கொண்டு, 12 மணித்தியாலம் ஒரே கதிரையில் ஒரே கேற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பவரிடம் "எந்நேரமும் உசாராக இருந்தாரா" என்று கேட்பது நியாயமான கேள்வி இல்லை. அவர் செய்ய வேண்டிய சில வேலைகள் செய்யப்பட்டனவா என்று கேட்பதுதான் நியாயம். எழும்பி ஒரு சுற்று நடந்து வருவது, பதிவது, கண்டதைச் சொல்வது போன்றவை அவை. இந்த வேலைகள்தான் கவனத்தையும் தட்டி எழுப்பி வைத்திருக்கும்.

நான் மூன்றைத் தெரிவு செய்தேன்.

முதலாவது பதிவேடு. மாதம் ஒரு தரம், ஒவ்வொருவர் கடமையிலும் எழுதப்பட்ட வரிகளில் 20 ஐக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எடுத்தேன். வந்த நேரம், பெயர், யாரைப் பார்க்க, வாகன இலக்கம், போன நேரம் என்று ஐந்து கட்டம். ஐந்தும் நிரம்பியிருந்தால் ஒரு கோடு. இலக்கத்தைக் கமராப் பதிவோடு ஒத்துப் பார்த்தேன். போன நேரம் எழுதும் கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். வருபவரை எழுதாமல் விட முடியாது, ஆள் முன்னால் வந்து நிற்கும். போகிறவரை எழுத வேண்டுமென்றால் அவர் போவதைக் கண்டிருக்க வேண்டும். விழிப்பு அப்பட்டமாகத் தெரிகிற கட்டம் அது.

இரவுச் சுற்றுப் பதிவை வாசிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. உண்மையாக நடந்து வந்தவர் எழுதும் நேரம் 11.10, 12.05, 1.20 என்று கோணல்மாணலாக இருக்கும். ஒரு நாள் பேனை மாறியிருக்கும். ஒரு வரி ஈரக்கையால் ஊறியிருக்கும். "பின் பக்க பைப் ஒழுகுது" என்று எங்காவது ஒரு வார்த்தை இருக்கும். விடியற்காலையில் கதிரையில் இருந்து ஒரே மூச்சில் எழுதிய பதிவு 11.00, 12.00, 1.00, 2.00 என்று அணிவகுத்து நிற்கும். ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒவ்வொரு வரியிலும் "எல்லாம் சரி". கார்த்திகை மாதம் விடிய விடிய மழை ஊற்றி, காலையில் நாங்கள் வரும்போது களஞ்சிய அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு நாளிலும் பதிவேடு எல்லாம் சரி என்று சொன்னது. அந்தப் பக்கத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

இரண்டாவது, சின்னச் சோதனைகள். இதை இருவருக்கும் முதலே சொல்லியிருந்தேன், எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. பின்பக்க ஜன்னல் கொளுவியைத் திறந்து விடுவது. மாடிப்படி விளக்கை எரியவிடுவது. வரவேற்பறை மூலையில் ஒரு வெறும் பையை வைப்பது. இரண்டாம் கதவின் பூட்டைச் சும்மா தொங்கவிடுவது. அவர் அதைக் கண்டு பதிந்தாரா அல்லது எனக்குச் சொன்னாரா என்பது மட்டும்தான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் 8 தரம் செய்தேன். மதில் ஏறிக் குதிப்பது, இருட்டில் ஒளித்து நிற்பது போன்ற வேடிக்கைகள் வேண்டவே வேண்டாம். யாருக்காவது அடி விழும். அதோடு பையை வைக்கும்போது உள்ளே ஒன்றும் இல்லாமல், உங்கள் பெயர் எழுதிய ஒரு துண்டு மட்டும் இருக்கட்டும். யுத்தம் முடிந்து எத்தனை வருடம் போனாலும், அநாதரவாகக் கிடக்கும் பை என்றால் எங்கள் ஊரில் நெஞ்சு பதறும் ஆட்கள் இருக்கிறார்கள். பொதுமக்கள் நிற்கும் நேரத்தில் அதைச் செய்யவே கூடாது.

மூன்றாவது, நினையாத நேரத்தில் கேற்றடிக்குப் போய், அங்கே ஆள் நிற்கிறாரா என்று பார்ப்பது. ஒவ்வொருவருக்கும் 12 தரம்.

எண்கள் இப்படி வந்தன. பதிவேட்டில் அண்ணைக்கு 60 வரியில் 31 முழுமை, இளையவருக்கு 54. சோதனையில் அண்ணை 8 இல் 3 ஐக் கண்டார், இளையவர் 7 ஐ. கேற்றடியில் அண்ணை 12 தரத்தில் 7 தரம் நின்றார், இளையவர் 11 தரம். நான் விழிப்புக்கு 5 புள்ளி போட்டது அண்ணைக்கு. 2 புள்ளி போட்டது இளையவருக்கு.

இந்த இடத்தில் நின்று அண்ணைக்கு 2 என்று மாற்றி எழுதியிருந்தால் இன்னொரு பிழை விட்டிருப்பேன். எண் என்ன நடந்தது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. கேற்றில் இல்லாத ஐந்து தரத்தையும் திருப்பிப் பார்த்தேன். நாலு தரம் எங்கள் ஆட்களே அவரைக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் சோட் ஈட்ஸ் வாங்க, ஒரு நாள் ரெலிபோன் காட் வாங்க, இரண்டு நாள் மனேஜரின் பிள்ளைக்குக் கொப்பி போட்டோப் பிரதி எடுக்க. "அண்ணை, ஒருக்கா ஓடிப்போட்டு வாங்கோ" என்றால் அவர் மறுக்க மாட்டார். இளையவரிடம் கேட்க எல்லோருக்கும் தயக்கம். அந்தக் கடுகடுப்பு முகம் கேற்றைக் காத்தது. உங்கள் இடத்திலும் இதை முதலில் பாருங்கள். காவலாளியைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவரது விழிப்புக்குப் புள்ளி குறைப்பது அநியாயம்.

பதிவேட்டில் குறைந்த 29 வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் 22 இல் வாகன இலக்கம்தான் இல்லை, அல்லது பிழை. 3 ஐ 8 என்றும் 1 ஐ 7 என்றும் எழுதியிருந்தார். அநேகமாக எல்லாம் மாலை ஆறு மணிக்குப் பிறகு. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு வானின் இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். வெயிலில் வாசித்தார். மாலை மங்கியதும் அதே தூரத்தில் இன்னொன்றைக் காட்டினேன், வாசிக்க முடியவில்லை. "வேலை போயிடுமெண்டு சொல்லேல்லை, தம்பி" என்றார். யாழ் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவில் காட்டியபோது இரண்டு கண்ணிலும் வெண்புரை. சத்திரசிகிச்சை நடக்கும்வரை கேற்றடியில் ஒரு பிரகாசமான விளக்குப் போட்டுக் கொடுத்தோம். ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து திரும்பி வந்த பிறகு எடுத்த மூன்று மாதக் கணக்கில் 60 வரியில் 52 சரியாக இருந்தது.

நித்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடமையில் நித்திரை கொண்டவரைக் கண்டால் அதை இந்த எண்ணிக்கைக்குள் கலக்காதீர்கள். திகதி, நேரம் போட்டுத் தனியே எழுதி, அதற்கு முந்திய 24 மணித்தியாலம் அவர் எங்கே நின்றார் என்று கேளுங்கள். மாற்றாள் வராததால் தொடர்ந்து இரண்டு கடமை நிற்க வைக்கப்பட்டவராக இருப்பார், அல்லது பகலில் தோட்டத்தில் தண்ணி மாறிவிட்டு வந்தவராக இருப்பார். முதலாவது என்றால் கணக்கு அவரை அனுப்பிய கொம்பனியுடையது. உங்களது காவலாளிகளும் கொம்பனி ஆட்கள் என்றால், இந்தக் கொப்பியை அவர்களின் மேற்பார்வையாளருக்கும் காட்டுங்கள். சம்பளமும் லீவும் அவர்கள் கையில் இருக்கும்போது உங்கள் புள்ளி மட்டும் ஒன்றையும் மாற்றாது.

பண்புக்கு வருகிறேன். சிரித்த முகத்துக்குப் புள்ளி போடாதீர்கள். சிரிப்பு சிலருக்கு வரும், சிலருக்கு வராது. நான் எண்ணியது நாலு செயல். வந்தவர் கேற்றடிக்கு வந்து அரை நிமிடத்துக்குள் இவர் தானாகப் பேச்சைத் தொடங்கினாரா? "நீங்கள்" என்று பேசினாரா? வெயிலில் நிற்க வைக்காமல் நிழலையோ கதிரையையோ காட்டினாரா? கடைசியில் ஒரு பதிலோடு அனுப்பினாரா? அதாவது ஆள் இருக்கிறார், போங்கோ. பத்து நிமிடம் இருங்கோ. இண்டைக்கு இல்லை, புதன்கிழமை ஒன்பது மணிக்கு வாங்கோ. வெறுமனே "இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது பதில் ஆகாது.

இரண்டாவது செயலை எங்கள் ஊரில் விசேடமாகக் கேட்க வேண்டும். எங்களிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. ஒருவர் எந்தப் படியில் யாரை வைக்கிறார் என்பதைக் கேற்றடியில் ஐந்து நிமிடம் நின்றால் அறியலாம். "ஐயா, ஆரைச் சந்திக்க வந்தனீங்கள்?" என்று ஒருவருக்கு. அடுத்து சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுச் சாரத்தோடு வந்தவருக்கு "என்ன, ஆரைப் பாக்க வந்தனீர்?" இரண்டாமவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பழகிப்போயிருப்பார். ஆனால் அவர் தன் அலுவலைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

அதனால் வந்தவர்களை இரண்டு பத்தியாகப் பிரித்து எண்ணினேன். காரிலோ வானிலோ வந்தவர்கள் ஒரு பத்தி. சைக்கிளிலோ நடந்தோ வந்தவர்கள் மற்றது. நாலு செயலும் நடந்திருந்தால்தான் ஒரு கோடு. அண்ணைக்கு முதல் பத்தியில் 10 இல் 10, இரண்டாம் பத்தியில் 11 இல் 4. இளையவருக்கு 10 இல் 9, 12 இல் 10. ஒட்டுமொத்தமாகக் கூட்டியிருந்தால் அண்ணை 21 இல் 14 என்று ஓரளவு நல்லவராகத் தெரிந்திருப்பார். பிரித்தபோதுதான் அவரது மரியாதை எங்கே முடிகிறது என்று தெரிந்தது. அதை அவரிடம் சொன்னபோது உண்மையாகவே அதிர்ந்து போனார். தன்னைவிட வயதில் குறைந்தவர்களோடு உரிமையோடு பேசுகிறேன் என்றுதான் நினைத்திருந்தார். இதைக் கண்ணைப் போல இலகுவாகத் திருத்த முடியவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் 11 இல் 6 அளவுக்குத்தான் வந்தது.

நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது காவலாளி நீங்கள் நிற்கிறீர்கள் என்று தெரிந்துதான் பேசுவார். ஆகவே நீங்களே பார்ப்பதை மட்டும் நம்பாமல், ஜன்னலோரம் இருந்து கேற்றடியைக் கேட்கக்கூடிய வரவேற்பாளரிடம் ஒரு தாளைக் கொடுத்து அவரையும் தனியாகக் கோடு போடச் சொல்லுங்கள். இருவர் கோடும் பெருமளவில் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் செயல்களைப் போதிய அளவு தெளிவாக எழுதவில்லை என்று அர்த்தம். வந்தவர்களிடம் கேட்பதானால் "அவர் நல்ல மாதிரியா?" என்று கேட்காதீர்கள். எங்கள் சனம் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்லாது. "கேற்றடியில எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்? இருக்கச் சொன்னவரோ?" என்று கேளுங்கள்.

பண்புக்கும் இளக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு நாள் மனேஜரின் உறவுக்காரர் ஒருவர் காரில் வந்து, பதிவேட்டில் எழுத மாட்டேன் என்று நின்றார். இளையவர் "ஐயா, ஒரு நிமிசம், பெயரை மட்டும் சொல்லுங்கோ, நான் எழுதிறன்" என்று கேற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். மனேஜருக்குக் கோபம். நான் அதைப் பண்பிலும் விழிப்பிலும் இரண்டு கோடாகப் போட்டேன். அண்ணையின் கடமைகளில் இப்படியானவர்களின் வரி பதிவேட்டிலேயே இருக்கவில்லை. நான் தொட்டு எடுத்த 60 வரிக்குள் அவை வர வாய்ப்பும் இல்லை. எழுதப்படாத வரியைக் கமராவில்தான் பிடிக்கலாம். ஆகவே மாதத்தில் ஒரு மணித்தியாலமாவது கமராவில் எண்ணிய தலைகளோடு பதிவேட்டை ஒத்துப் பாருங்கள்.

அலுவலக உதவியாளருக்கும் இதே வழிதான், பார்க்கும் இடம் மட்டும் வேறு. காலையில் வந்த நேரத்தைவிட, வெளியே அனுப்பினால் திரும்பி வரும் நேரத்தில்தான் அவரது நேரந்தவறாமை தெரியும். ஆனால் வங்கியில் வரிசை எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே பிந்தினாரா என்று எண்ணாமல், பிந்தப்போகிறது என்று தெரிந்ததும் அழைத்துச் சொன்னாரா என்று எண்ணுங்கள். விழிப்புக்கு, மாலையில் பூட்டிய பிறகு ஒரு நடை போய், மின்விசிறி, விளக்கு, தண்ணீர்க் குழாய், ஜன்னல் என்று நாலைப் பாருங்கள். ஒரு மாதத்தில் ஆறு தரம் போதும். அவரிடம் கொடுத்த கோப்பு சரியான மேசைக்குப் போனதா என்பதற்கு, கொடுத்த நேரமும் பெற்றவர் கையெழுத்தும் உள்ள ஒரு சின்னப் புத்தகம் வைத்தால் பிறகு வாக்குவாதம் வராது. பண்பை மேலே சொன்ன நாலு செயலாலேயே பார்க்கலாம். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: காத்திருப்பவரைத் தாண்டி மூன்றாம் தரம் நடக்கும்போதாவது "இன்னும் கூப்பிடேல்லையோ?" என்று கேட்கிறாரா?

இனி லாச்சியில் இருக்கும் படிவம். மேலிடம் 1 முதல் 5 வரைதான் வேண்டும் என்றால், பத்துக்கு ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் 5, எட்டு என்றால் 4, ஆறு ஏழு என்றால் 3, நாலு ஐந்து என்றால் 2, அதற்குக் கீழே 1 என்று நான் வைத்துக்கொண்டேன். நேரத்துக்கு இந்த அளவு மிகவும் இளக்கம். பத்து நாளில் ஒரு நாள் பிந்துபவருக்கு 5 போட முடியாது. அங்கே 100 க்கு 97 என்றால்தான் 5, 90 என்றால் 4 என்று இறுக்கினேன். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள், ஆனால் எண்ணத் தொடங்க முதலே எழுதி வையுங்கள். எண்ணி முடித்த பிறகு எல்லை கீறினால் பிடித்தவர் எப்போதும் எல்லைக்கு உள்ளேதான் நிற்பார். மூன்று வரியையும் கூட்டி ஒரே புள்ளி ஆக்க வேண்டாம். கதவு திறந்து கிடந்ததை இனிமையான பேச்சு ஈடு செய்யாது.

எண் சிறிதாக இருக்கும்போது அதன் மேல் அதிகம் கட்டாதீர்கள். 8 இல் 7 க்கும் 8 இல் 6 க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஜன்னல் கொளுவி. அதை வைத்து ஒருவரின் சம்பள ஏற்றத்தைத் தீர்மானிக்க முடியாது. 8 இல் 3 என்றால் பேசலாம். எட்டுத் தரத்துக்குக் குறைவாகப் பார்த்த எதற்கும் புள்ளி போடாமல் "போதிய அளவு பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். அதோடு, மூன்று மாதத்தையும் பரவலாகப் பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதி மறிப்பும் சனமுமாக இருக்கும் நேரத்தில் மட்டும் எண்ணினால், யாரும் நேரத்துக்கு வரமாட்டார்கள், யாரும் எல்லோரையும் பதிய மாட்டார்கள். அந்த நாட்களைத் தனிப் பக்கத்தில் வையுங்கள்.

புள்ளி போட்ட பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இருக்கச் சொல்லி, புள்ளியைச் சொல்ல முதல் கொப்பியைத் திருப்பி அவர் பக்கம் வையுங்கள். திகதியும் நேரமும் உள்ள வரிகளை அவரே வாசிக்கட்டும். "இந்த நாள் நான் லீவு" என்றோ "இந்த நேரம் என்னைத் தபாற்கந்தோருக்கு அனுப்பினவை" என்றோ அவர் சொன்னால், இடாப்பை எடுத்துப் பார்த்து அங்கேயே வெட்டுங்கள். எனக்கு அப்படி ஒவ்வொரு தரமும் இரண்டு மூன்று வரி வெட்ட வேண்டி வந்தது. படிவத்தில் அவர் கையெழுத்து வைக்கும் இடத்துக்கு மேலே, அவர் தன் பக்கத்தை எழுத நாலு வரி இடம் விடுங்கள். எழுதக் கூச்சப்படுபவர் என்றால், அவர் சொல்லச் சொல்ல, அவருடைய சொல்லிலேயே நீங்கள் எழுதிக் கொடுங்கள்.